முன்கூட்டியே முடித்த வைப்பு: போட்ட முதலைவிடக் கைக்கு வரும் தொகை ஏன் குறைகிறது?

2025 ஜூலை மாதம், கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் எங்கள் அத்தை பாளையங்கோட்டையில் உள்ள என் வீட்டுக்கு ஒரு வங்கிச் சீட்டோடு வந்தார். பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தம் நான்கு லட்ச ரூபாய் வைப்பை அன்று காலையில்தான் முடித்திருந்தார். சேமிப்புக் கணக்கில் வந்து சேர்ந்த தொகை 3,95,212 ரூபாய். "மருமவனே, வட்டிதான் போச்சுன்னு பாத்தா, போட்ட மொதல்லயே கொறச்சிட்டாவளே" என்று சொல்லி என் முன்னால் அந்தச் சீட்டை வைத்தார். அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றமே மிகுந்திருந்தது.

நான் வங்கியின் வைப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதே ஏமாற்றத்தைக் கவுண்டருக்கு மறுபக்கம் நின்றவர்களின் முகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வரிசை நீண்டிருந்த நாட்களில் "ரூல் அப்படித்தான்" என்ற ஒரே சொல்லோடு அவர்களை அனுப்பியதும் உண்டு. அது தவறு என்று இப்போது உணர்கிறேன். இந்தக் கணக்கில் பெருக்கலும் கழித்தலும் தவிர வேறொன்றும் இல்லை. எந்த விகிதத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்துவிட்டால் எவரும் தம் சீட்டைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். எனவே அத்தையின் சீட்டையே எடுத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். விகிதங்கள் வங்கிக்கு வங்கி மாறும் என்றாலும் கணக்கின் போக்கு பெரும்பாலான வங்கிகளில் இதுதான்.

பிசான அறுவடை முடிந்து நெல் விற்ற பணமும் ஏற்கெனவே கையிருப்பில் இருந்ததும் சேர்ந்து, 2024 மார்ச் 6 அன்று அத்தை நான்கு லட்ச ரூபாயை மூன்று ஆண்டு வைப்பாகப் போட்டிருந்தார். மூத்த குடிமக்களுக்கான கூடுதலையும் சேர்த்து அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும் என்று கேட்டிருந்ததால், காலாண்டுக்கு 7,000 ரூபாய் வீதம் ஜூன், செப்டம்பர், டிசம்பர், அடுத்த ஆண்டு மார்ச், ஜூன் என ஐந்து முறை வட்டி வந்துவிட்டது. ஆக, வைப்பை முடிக்கும் முன்பே 35,000 ரூபாய் வட்டியாக அவர் கையில் சேர்ந்து, அதில் பெரும்பகுதி செலவும் ஆகியிருந்தது. இந்த 35,000 ரூபாயை மறந்துவிடாமல் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முழுக் குழப்பமும் அதில்தான் தொடங்குகிறது.

2025 ஜூலை 21 அன்று வைப்பு முடிக்கப்பட்டபோது அது வங்கியில் இருந்த காலம் ஓர் ஆண்டு, நான்கு மாதம், பதினைந்து நாள். மூன்று ஆண்டு இருப்பேன் என்று சொன்ன பணம் ஒன்றே கால் ஆண்டைச் சற்றுத் தாண்டியதும் வெளியேறுகிறது. இந்த இடத்தில் வங்கி முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தப் பணத்தை அன்றைக்கே ஓர் ஆண்டு நான்கு மாதத்துக்கு என்று போட்டிருந்தால் என்ன வட்டி கொடுத்திருப்போம்? முன்கூட்டியே முடிக்கப்படும் வைப்புக்கு ஒப்புக்கொண்ட விகிதத்தில் வட்டி கொடுக்காமல், அந்தப் பணம் உண்மையில் வங்கியில் இருந்த காலத்துக்கு உரிய விகிதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கியின் வைப்பு வட்டி பற்றிய வழிகாட்டுதலே சொல்கிறது. 7 சதவீதம் என்பது மூன்று ஆண்டு என்ற வாக்குக்குக் கொடுக்கப்பட்ட விலை. வாக்கின் காலம் சுருங்கும்போது விலையும் அந்தச் சிறிய காலத்துக்கு உரியதாக மாறிவிடுகிறது.

அந்த விகிதத்தை எந்த நாளின் அட்டவணையில் பார்ப்பது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். வைப்பை முடிக்கும் நாளில் கிளையின் சுவரில் தொங்கும் அட்டவணை இதற்குப் பொருந்தாது. வைப்புப் போட்ட நாளில் நடப்பில் இருந்த அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அத்தையின் வங்கியில் 2024 மார்ச் 6 அன்று, ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் என்றால் 6.00 சதவீதமும், ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் என்றால் 6.50 சதவீதமும், இரண்டு ஆண்டு முதல் மூன்று ஆண்டுக்குள் என்றால் 6.75 சதவீதமும், மூன்று ஆண்டுக்கு 7.00 சதவீதமும் இருந்தன. அவருடைய பணம் இருந்த காலம் இரண்டாவது அடுக்கில் விழுகிறது. எனவே முதல் படியிலேயே 7 சதவீதம் 6.50 சதவீதமாக இறங்கிவிட்டது. அபராதம் இன்னும் வரவில்லை. இது காலம் குறைந்ததால் ஏற்பட்ட இறக்கம் மட்டுமே.

சில சமயம் குறுகிய காலத்துக்கு நீண்ட காலத்தைவிட அதிக வட்டி இருக்கும். குறிப்பிட்ட சில நாட்களுக்கு என்று வங்கிகள் அறிவிக்கும் சிறப்புத் திட்டங்களில் இதைக் காணலாம். அப்படியென்றால் முன்கூட்டியே முடிப்பவருக்கு அந்த அதிக விகிதம் கிடைத்துவிடுமா என்று ஒருவர் கேட்கலாம். கிடைக்காது. ஒப்புக்கொண்ட விகிதம், இருந்த காலத்துக்கான விகிதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கிகள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன.

இரண்டாவது படிதான் அபராதம். இதை எவ்வளவு வைப்பது என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு தானே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் வைப்பை ஏற்கும்போதே அதை வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட வேண்டும். நடைமுறையில் அரை சதவீதம் அல்லது ஒரு சதவீதம் என்பதே பெரும்பாலும் காணப்படுகிறது. தொகையின் அளவைப் பொறுத்து இரண்டு விதமாக வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. அத்தையின் வங்கியில் ஒரு சதவீதம். ஆகவே 6.50 சதவீதத்திலிருந்து 1 சதவீதம் கழிந்து, கடைசியாக அவருக்குப் பொருந்திய விகிதம் 5.50 சதவீதம் ஆயிற்று.

அபராதம் என்ற சொல்லே மக்களைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்கிறது என்பது என் எண்ணம். ஒரு சதவீத அபராதம் என்றதும், நான்கு லட்சத்தில் ஒரு சதவீதமாகிய 4,000 ரூபாயை ஒரே தடவையாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று அத்தை நினைத்திருந்தார். உண்மையில் அபராதமாக முதல் தொகையிலிருந்து எதுவும் பிடிக்கப்படுவதில்லை. வட்டி விகிதம்தான் ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்ற அளவில் குறைக்கப்படுகிறது. இதனால் அபராதத்தின் ரூபாய் மதிப்பு, வைப்பு எத்தனை நாள் இருந்ததோ அதற்கேற்பக் கூடும் அல்லது குறையும். இதே வைப்பை மூன்று மாதத்தில் முடித்திருந்தால் அபராதத்தால் போவது ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான். ஓர் ஆண்டு நான்கரை மாதத்தில் முடித்ததால் அது 5,493 ரூபாயாக வளர்ந்துவிட்டது. வேறு சிலர் நேரெதிரான பக்கம் தவறு செய்கிறார்கள். ஏழில் ஒன்று போனால் ஆறு கிடைக்கும் என்று கணக்கிட்டு, முதல் படியின் இறக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

இனி வட்டியைக் கணக்கிடுவோம். நான்கு லட்சத்துக்கு 5.50 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 22,000 ரூபாய், காலாண்டுக்கு 5,500 ரூபாய். முழுமையாக முடிந்த காலாண்டுகள் ஐந்து. அவற்றுக்கு 27,500 ரூபாய். கடைசி வட்டி வந்த ஜூன் 6 முதல் ஜூலை 21 வரை மீதம் இருப்பது 45 நாள். முழுக் காலாண்டு ஆகாத இந்த நாட்களுக்கு, ஆண்டுக்கு 365 நாள் என்று வைத்து நாள் கணக்கில் வட்டி போடப்படும்: 22,000-ஐ 45-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 2,712 ரூபாய் 33 காசு. இரண்டையும் கூட்டினால், போட்ட நாள் முதல் முடித்த நாள் வரை அத்தைக்கு நியாயமாகச் சேர வேண்டிய மொத்த வட்டி 30,212 ரூபாய் 33 காசு.

ஆனால் அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டது 35,000 ரூபாய். 7 சதவீதத்தில் வந்துகொண்டிருந்த அந்த ஐந்து வரவுகளும், மூன்று ஆண்டும் பணம் இருக்கும் என்ற நம்பிக்கையில் முன்னதாகவே கொடுக்கப்பட்டவை. இப்போது விகிதம் 5.50 என்று முதல் நாளிலிருந்தே திருத்தப்பட்டுவிட்டதால், 4,787 ரூபாய் 67 காசு அவருக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைத் திரும்பப் பெற வங்கிக்கு இருக்கும் ஒரே இடம் அந்த வைப்பின் முதல்தான். எனவே 4,00,000-இலிருந்து 4,787.67-ஐக் கழித்து 3,95,212 ரூபாய் 33 காசு வருகிறது. முடிவு வரவாக அதை ரூபாய்க்குச் சரிசெய்து 3,95,212 என்று வைத்திருக்கிறார்கள். சீட்டில் இருந்த எண் சரியானதுதான்.

இந்தக் கணக்கை எழுதிக் காட்டியபோது அத்தை நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப முன்னாலயே வாங்கின வட்டியைத்தான் இப்ப திருப்பிக் குடுத்திருக்கேன்" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. அபராதம் என்று முதல் தொகையில் கை வைக்கப்படவில்லை. ஐந்து காலாண்டுகளில் அவர் பெற்ற 35,000 ரூபாயையும் கடைசியில் வந்த 3,95,212 ரூபாயையும் சேர்த்தால் 4,30,212 ரூபாய் ஆகிறது. போட்ட பணத்துக்கு மேல் 30,212 ரூபாய் அவருக்கு வந்திருக்கிறது. கடைசி வரவை மட்டும் பார்ப்பவருக்கு இது நட்டமாகத் தெரிகிறது. முழு ஓட்டத்தையும் பார்ப்பவருக்கு வட்டி குறைந்திருப்பது தெரிகிறது.

அப்படியானால் அவர் இழந்தது எவ்வளவு? 7 சதவீதமே தொடர்ந்திருந்தால் அதே நாள் வரை 38,452 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். கிடைத்தது 30,212. வித்தியாசம் 8,240 ரூபாய். இதில் 5,493 ரூபாய் அபராதத்தால் போனது. எஞ்சிய 2,747 ரூபாய் மூன்று ஆண்டு அடுக்கிலிருந்து ஓர் ஆண்டு அடுக்குக்கு இறங்கியதால் போனது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. சில கிளைகளில் அபராதம் தள்ளுபடி என்று சொல்லும்போது, தள்ளுபடி ஆவது முதல் பகுதி மட்டுமே. இரண்டாவது பகுதி அப்படியே நிற்கும். வைப்புதாரர் இறந்துவிட்டால் உரியவர்கள் முன்கூட்டியே முடிக்கும்போது அபராதம் விதிக்கப்படுவதில்லை என்ற விதியும் இப்படித்தான் செயல்படுகிறது. அபராதம் இராது, ஆனால் பணம் இருந்த காலத்துக்கான விகிதமே பொருந்தும்.

இதே நான்கு லட்சத்தை, வட்டி வெளியே வராமல் முதலோடு சேர்ந்துகொண்டே போகும் வகையில் அத்தை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காலாண்டுக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேரும் கூட்டுவட்டி என்பதால், ஐந்து காலாண்டு முடிவில் 5.50 சதவீதத்தில் தொகை 4,28,267 ரூபாயாகியிருக்கும். அதன்மேல் 45 நாளுக்கு 2,904 ரூபாய் சேர்ந்து, முடிவு வரவு ஏறத்தாழ 4,31,171 ரூபாயாக இருந்திருக்கும். இந்த வகையில் முன்கூட்டி எடுத்த வட்டி என்று எதுவும் இல்லாததால் எதையும் திரும்பப் பிடிக்க வேண்டியதில்லை. போட்டதைவிட அதிகமாகவே கைக்கு வருவதால் அதிர்ச்சியும் இல்லை. ஆனால் 7 சதவீதத்தில் அதே நாளில் 4,40,011 ரூபாய் இருந்திருக்க வேண்டும். 8,840 ரூபாய் குறைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இழப்பு, தெரியும் இழப்பைவிடச் சற்று அதிகம். வட்டி வாங்கிச் செலவழிப்பவர்கள் மட்டும்தான் பாதிக்கப்படுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வரிப் பிடித்தம் அத்தையின் கணக்கில் குறுக்கிடவில்லை. ஆண்டு வட்டி 28,000 ரூபாய்தான். மூத்த குடிமக்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஒரே வங்கியில் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வட்டி வரை பிடித்தம் இல்லை, அதற்கு முந்தைய ஆண்டில் அந்த வரம்பு ஐம்பதாயிரமாக இருந்தது. பெரிய வைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்தைய நிதியாண்டில் அதிக வட்டிக்குப் பிடித்து அரசுக்குக் கட்டப்பட்ட வரியை, வட்டி பின்னால் குறைந்துவிட்டது என்பதற்காக வங்கி திருப்பித் தராது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் அதற்கு ஈடு தேட வேண்டும்.

இனி, இந்தக் கணக்கில் எங்கெல்லாம் பிழை நேரும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு வருகிறேன். வைப்பு அடுக்கின் எல்லைக்கு அருகே இருக்கும்போது நாள் கணக்கு மிக முக்கியம். அத்தை தம் வைப்பை 360-ஆம் நாளில் முடித்திருந்தால் ஓர் ஆண்டுக்குள் என்ற அடுக்கில் விழுந்து, 6.00 சதவீதத்தில் ஒன்று போக 5.00 சதவீதம்தான் கிடைத்திருக்கும். மொத்த வட்டி 19,726 ரூபாய். இன்னும் ஐந்து நாள் பொறுத்து ஓர் ஆண்டு நிறைந்த பின் முடித்திருந்தால் 5.50 சதவீதத்தில் 22,000 ரூபாய். ஐந்து நாள் காத்திருப்பதற்கு 2,274 ரூபாய்! அவசரம் இல்லாத பட்சத்தில், ரசீதில் உள்ள தேதியையும் அன்றைய அட்டவணையின் அடுக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைய செயல்.

தானாகப் புதுப்பிக்கப்பட்ட வைப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பத்து ஆண்டாக வங்கியிலேயே கிடக்கிறது என்று நாம் நினைக்கும் வைப்பு, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும். போன மாதம் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அது இருந்த காலம் ஒரு மாதமே. அந்தச் சிறிய அடுக்கின் விகிதத்தில்தான் அபராதம் கழியும். அதேபோல் வைப்புப் போட்டு ஏழு நாள் ஆவதற்குள் எடுத்துவிட்டால் வட்டியே இல்லை. வருமான வரிச் சலுகைக்கென்று போடப்படும் ஐந்து ஆண்டு வைப்பை இடையில் முடிக்கவே இயலாது. அஞ்சல் நிலையத்தின் வைப்புகளுக்கு விதிகள் தனி. இங்கு சொன்ன எதையும் அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே முடிவு வரவைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வங்கியின் கணினியில் வைப்பை உண்மையில் முடிக்காமலேயே, இன்றைக்கு முடித்தால் எவ்வளவு வரும் என்று ஒத்திகையாகப் பார்க்க முடியும்; "இன்னைக்கு க்ளோஸ் பண்ணா எவ்வளவு வரும்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாலே போதும். அப்போது நான்கு செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்: வைப்பு இருந்த காலம், அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட விகிதம், அபராதம், இதுவரை கொடுக்கப்பட்ட வட்டி. இந்த நான்கும் கையில் இருந்தால் மேலே போட்ட கணக்கை வீட்டிலேயே போட்டுவிடலாம். ஒரு சில ரூபாய் வேறுபாடு வந்தால் அது காசுகளைச் சரிசெய்ததாலோ நாட்களை எண்ணும் முறையாலோ வந்திருக்கும். நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் அடுக்கோ விகிதமோ தவறாக எடுக்கப்பட்டிருக்கக் கூடும். எழுத்து மூலம் விளக்கம் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. இருவர் பெயரில் வைப்பு இருந்தால், முதிர்ந்த பின் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், இடையில் முடிக்கும்போது உயிருடன் உள்ள இருவரும் கையெழுத்திட வேண்டும். மகன் துபாயில் இருக்க, தாய் மட்டும் ரசீதோடு வந்து வெறுங்கையுடன் திரும்பிய காட்சிகளை நான் எங்கள் கிளையில் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

அத்தைக்கு வேண்டியிருந்தது நான்கு லட்சமும் அல்ல என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. கல்லூரிக் கட்டணம் ஒன்றரை லட்சம். கார் நெல் அறுத்து விற்றால் ஐப்பசிக்குள் அந்தப் பணம் வந்துவிடும். அந்த ரசீதை அடமானமாக வைத்தே கடன் வாங்கியிருக்கலாம். வைப்புத் தொகையில் ஏறத்தாழ 90 சதவீதம் வரை வங்கிகள் இப்படிக் கடன் தருகின்றன. வட்டி பெரும்பாலும் வைப்பு வட்டியைவிட ஒரு சதவீதம் கூடுதலாக இருக்கும். 8 சதவீதத்தில் ஒன்றரை லட்சத்துக்கு 90 நாள் வட்டி 2,959 ரூபாய். எட்டு சதவீதமா என்று திகைக்க வேண்டாம். அதே 90 நாளில் அந்த ஒன்றரை லட்சம் வைப்பில் 7 சதவீதத்தில் 2,589 ரூபாய் சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கும். எனவே உண்மையான செலவு 370 ரூபாய். அதற்கு எதிரே அவர் இழந்தது 8,240 ரூபாய்.

மேலும், திரும்பி வந்த பணத்தில் கட்டணம் போக மீதியைப் புதிதாகப் போடும்போது பழைய விகிதம் கிடைக்கவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியாகிய ரெப்போ விகிதத்தை 6.50 சதவீதத்திலிருந்து 5.50 சதவீதமாகக் குறைத்திருந்தது. அதைத் தொடர்ந்து வங்கிகளும் வைப்பு வட்டியை இறக்கியிருந்தன. 2027 மார்ச் வரை 7 சதவீதம் தந்திருக்க வேண்டிய ரசீதை, விகிதம் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் முடித்தது இரட்டை இழப்பு. விகிதம் நன்றாக ஏறியிருக்கும் காலத்தில், அதுவும் போட்டுச் சில வாரங்களே ஆன வைப்பாக இருந்தால், முடித்துவிட்டு அதிக வட்டிக்கு மறுபடி போடுவதே இலாபமாக அமையலாம். அதையும் மேலே சொன்ன கணக்கே காட்டிவிடும்: இழக்கும் பழைய வட்டி எவ்வளவு, எஞ்சிய காலத்தில் கூடுதலாகக் கிடைக்கும் வட்டி எவ்வளவு என்று இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும்.

முடிந்த வைப்பை மீட்க வழியில்லை என்பதால், மிச்சம் இருந்ததைப் பற்றி அன்று மாலை யோசித்தோம். கட்டணம் போகக் கணக்கில் 2,45,212 ரூபாய் இருந்தது. நான்கு லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் ஒரு லட்சம் வீதம் நான்கு ரசீதுகளாகப் போட்டிருந்தால், ஒன்றரை லட்சத்துக்காக இரண்டை மட்டும் முடித்து இழப்பைப் பாதியாக, அதாவது 4,120 ரூபாயாக நிறுத்தியிருக்கலாம் என்று சொன்னேன். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் முதல் பேருந்தில் கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பி, அதே கிளைக்குப் போய், அறுபதாயிரம் வீதம் நான்கு ரசீதுகளாக 2,40,000 ரூபாயைப் போட்டார். நான்கிலும் அபராத விகிதம் எவ்வளவு என்று அலுவலரைக் கேட்டு, ரசீதின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டும் வந்தார்.